R0-உம் மந்தை எதிர்ப்பாற்றலும்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

R0 என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத ஒரு கூட்டத்துக்குள் ஒரே ஒரு தொற்றாளர் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தொற்றும் காலம் முடிவதற்குள் அவரிடமிருந்து நேரடியாக எத்தனை பேருக்கு நோய் போகும் என்பதன் சராசரிதான் R0. தமிழில் அடிப்படை இனப்பெருக்க எண் என்கிறோம். இனப்பெருக்கம் என்ற சொல் இங்கே விநோதமாகத் தெரியும். மக்கள்தொகைக் கணக்கில் ஒரு பெண்ணுக்கு எத்தனை மகள்கள் பிறக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். அந்தக் கணக்கைத் தொற்றுநோய்க்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

'நேரடியாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அவர் மூலம் நோய் வந்தவர்கள் அடுத்தடுத்து பரப்பியது இதில் சேராது. விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

R0 ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு நிலையான எண்தானே? தட்டம்மைக்கு 12 முதல் 18 என்று மனப்பாடம் செய்திருக்கிறேன்.

நிலையான எண் இல்லை. R0 மூன்று விஷயங்களைப் பெருக்கி வருவது: ஒரு நாளில் எத்தனை பேரைச் சந்திக்கிறோம், ஒரு சந்திப்பில் நோய் தொற்ற எவ்வளவு வாய்ப்பு, எத்தனை நாள் பரப்பும் நிலையில் இருக்கிறோம். ஒருவர் நாளுக்கு 10 பேரைச் சந்திக்கிறார், இருபது சந்திப்பில் ஒன்றில் நோய் தாவுகிறது, 6 நாள் பரப்புகிறார் என்றால் R0 = 10 × 0.05 × 6 = 3. அதே கிருமி, நாளுக்கு 4 பேரை மட்டும் சந்திக்கும் மக்களிடம் போனால் 1.2 ஆகிவிடும். கிருமியிடம் எந்த மாற்றமும் இல்லை, வாழ்க்கைமுறைதான் வேறு.

தட்டம்மையின் 12–18 சில இடங்களில், சில காலங்களில், தடுப்பூசி வருவதற்கு முன்பிருந்த தரவுகளிலிருந்து எடுத்தது. தடுப்பூசி இல்லாத காலத்தில் ஒரு குறுக்குவழி இருந்தது: சராசரி ஆயுளை, நோய் முதலில் தொற்றும் சராசரி வயதால் வகுத்தால் R0 தோராயமாகக் கிடைக்கும். ஆயுள் 60, தொற்றும் வயது 5 என்றால் 12. ஆனால் வயது 4 என்று மாறினாலே விடை 15 ஆகிவிடும். 2017-இல் வெளியான ஒரு மீளாய்வு, தட்டம்மைக்கு அதுவரை வந்த மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அவை 12–18 என்ற வரம்புக்கு வெளியே இரண்டு பக்கமும் வெகுதூரம் சிதறிக் கிடந்தன. அதனால் இந்த எண்ணை எழுதும்போது எங்கே, எப்போது, எந்த முறையில் என்பதும் கூடவே வரவேண்டும்.

1 − 1/R0 என்ற சூத்திரம் எங்கிருந்து வருகிறது? ஆசிரியர் நேராகப் பலகையில் எழுதிவிட்டார்.

R0 = 4 என்று எடுத்துக்கொள்வோம். ஒரு தொற்றாளர் நோயைக் கொடுக்கும் அளவுக்கு நெருங்கிப் பழகுவது நான்கு பேருடன். நான்கு பேருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லையென்றால் நான்கு பேருக்கும் வரும். அவர்களில் மூன்று பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால் ஒருவருக்கு மட்டும் வரும். அந்த ஒருவரும் தன் பங்குக்கு ஒருவருக்குக் கொடுப்பார். நோய் வளராது, தேயவும் தேயாது, அப்படியே ஊர்ந்துகொண்டிருக்கும். அதுதான் எல்லைக்கோடு. எதிர்ப்பாற்றல் உள்ளவர்கள் அதைவிட அதிகமாக இருந்தால் நோய் பரவ வழியின்றித் தேயும், எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு கிடைக்கும். இதைத்தான் மந்தை எதிர்ப்பாற்றல் என்கிறோம். நான்கில் மூன்று என்பது 75 சதவீதம், அதாவது 1 − 1/4.

பொதுவாகச் சொன்னால், இந்த நேரத்தில் பாதுகாப்பு இல்லாதவர்களின் பங்கு s என்றால், நடப்பு இனப்பெருக்க எண் இப்படி:

```
R = R0 × s
R = 1 ஆக வேண்டுமானால்  s = 1/R0
எதிர்ப்பாற்றல் எல்லை  H = 1 − 1/R0
```

R0 வேறு, R வேறு என்பதைக் கவனியுங்கள். R0 தொடக்கத்தில் இருப்பது. R இன்றைக்கு இருப்பது. செய்தியில் 'R எண் ஒன்றுக்குக் கீழே வந்தது' என்று வருவது இரண்டாவது.

சரி, இந்தக் கணக்கில் சத்தமில்லாமல் ஓர் அனுமானம் நுழைந்துவிட்டது. நான்கு பேரில் மூன்று பேருக்கு எதிர்ப்பாற்றல் என்று சொன்னபோது, யாருடைய நான்கு பேரை எடுத்தாலும் மூன்றுக்கு ஒன்று என்ற அதே விகிதம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். சீட்டுக்கட்டை நன்றாகக் கலைத்துப் போட்ட மாதிரி ஊர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த ஊரும் அப்படி இல்லை. கீழே வரப்போகும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

R0 = 15 போட்டால் 93.3 சதவீதம் வருகிறது. ஆனால் தட்டம்மைக்கு 95 சதவீதம் பேருக்கு ஊசி போட வேண்டும் என்கிறார்களே, ஏன்?

93.3 என்பது எதிர்ப்பாற்றல் உள்ளவர்களின் பங்கு. ஊசி போட்டவர்களின் பங்கு இல்லை. ஊசி போட்ட எல்லோருக்கும் அது வேலை செய்துவிடாது. தட்டம்மை ஊசி ஒரு தவணையில் சுமார் 93 சதவீதம் பேருக்கும், இரண்டு தவணையில் சுமார் 97 சதவீதம் பேருக்கும் பாதுகாப்பு தருகிறது. அதனால் எல்லை அளவை ஊசியின் செயல்திறனால் வகுக்க வேண்டும்.

ஒரு தவணைக்குப் போட்டுப் பாருங்கள்: 93.3 ÷ 0.93 = 100.3. நூறு சதவீதத்துக்கு மேல் யாருக்கும் ஊசி போட முடியாது! R0 உண்மையிலேயே 15 என்றால், ஊரில் ஒருவர் விடாமல் ஒரு தவணை போட்டாலும் எல்லையைத் தொட முடியாது என்று கணக்கு சொல்கிறது. இரண்டாம் தவணையை வெறும் 'பூஸ்டர்' என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். முதல் ஊசி பிடிக்காமல் போன அந்த ஏழு சதவீதத்தைப் பிடிப்பதுதான் அதன் முக்கிய வேலை.

இரண்டு தவணைக்கு 93.3 ÷ 0.97 = 96.2. அப்படியென்றால் 95 கூடப் போதாதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. R0 = 12 என்று எடுத்தால் 94.5 வரும், 18 என்று எடுத்தால் 97.4 வரும். 95 என்பது அந்த வரம்பின் கீழ்ப்பகுதிக்குப் பொருந்தும் ஒரு நடைமுறை இலக்கு. அதைத் தொட்ட அன்றைக்கே நோய்க்குக் கதவு பூட்டப்பட்டுவிடும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

95 சதவீதத்தைத் தாண்டிய இடங்களிலும் தட்டம்மை பரவியிருக்கிறது. அப்போது சூத்திரம் தப்பா?

சூத்திரம் தப்பில்லை, அதில் போட்ட சராசரிதான் ஏமாற்றுகிறது. ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

பத்துப் பள்ளிகள், ஒவ்வொன்றிலும் 1,000 பிள்ளைகள், மொத்தம் 10,000. அவர்களில் 9,500 பேருக்கு உண்மையான எதிர்ப்பாற்றல் இருக்கிறது. 500 பேருக்கு இல்லை. R0 = 15.

முதலில், இந்த 500 பேரும் பள்ளிக்கு 50 பேராகச் சமமாகப் பரவியிருக்கிறார்கள் என்று கொள்வோம். s = 0.05, R = 15 × 0.05 = 0.75. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் நோய் உள்ளே வந்தாலும் சில பேரோடு அடங்கிவிடும்.

இப்போது அதே 500 பேரை வேறு மாதிரி உட்காரவைப்போம். ஒன்பது பள்ளிகளில் தலா 20 பேர், மொத்தம் 180. மீதி 320 பேரும் பத்தாவது பள்ளியில். மொத்தச் சராசரி அதே 95 சதவீதம்தான், அறிக்கையில் எந்த மாற்றமும் தெரியாது. பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் பள்ளிக்குள்ளேயே பழகுகிறார்கள் என்றால், ஒன்பது பள்ளிகளில் R = 15 × 0.02 = 0.3. பத்தாவது பள்ளியில் R = 15 × 0.32 = 4.8. அங்கே ஒரு பிள்ளைக்கு வந்தால் அநேகமாக அந்த 320 பேரில் எல்லோருக்குமே வந்துவிடும்.

இது கற்பனைக் கணக்கு மட்டுமில்லை. 1999–2000-இல் நெதர்லாந்தில், தேசிய அளவில் தட்டம்மை ஊசி ஏறத்தாழ 96 சதவீதம் இருந்தபோதே 3,000 பேருக்கு மேல் தட்டம்மை வந்தது, மூன்று பேர் இறந்தார்கள். மத நம்பிக்கை காரணமாக ஊசியைத் தவிர்க்கும் சமூகத்தினர் நெருக்கமாக வாழ்ந்து, ஒரே பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய இடங்களில்தான் அது பெரும்பாலும் பரவியது.

இதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? மாவட்டச் சராசரியைப் பார்த்தால் தெரியாது. பள்ளி வாரியாக, தெரு வாரியாக உடைத்துப் பார்க்க வேண்டும். எண் எவ்வளவு என்று கேட்பதோடு, எந்த அளவு வட்டத்துக்கான எண் என்றும் கேட்கும் பழக்கம் வேண்டும்.

எல்லையைத் தொட்டவுடன் தொற்று நின்றுவிடும்தானே?

நிற்காது. இந்த ஒரு கேள்விக்குத்தான் பெரும்பாலான விளக்கங்கள் சறுக்குகின்றன.

ஓடும் மிதிவண்டியில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடுமா? கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும். இங்கேயும் அதே கதை. 1,000 பேர், R0 = 3, ஊசி கிடையாது, யாரும் ஒதுங்கியும் இருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லை 1 − 1/3, அதாவது 667 பேர். எளிய மாதிரியில் 667-ஆவது ஆளுக்குத் தொற்றும் நேரத்தில் ஏறத்தாழ 300 பேர் இன்னும் நோயைப் பரப்பும் நிலையில் இருப்பார்கள். கொள்ளைநோயின் உச்சமே அந்த நேரம்தான். அந்த 300 பேரில் ஒவ்வொருவரும் சராசரியாக ஒருவருக்கும் குறைவாகத்தான் கொடுப்பார்கள். ஆனாலும் 300 பேர் ஆயிற்றே. அவர்கள் கொடுத்தவர்கள் இன்னும் சிலருக்குக் கொடுப்பார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு எண்ணினால் சுமார் 940 பேர்.

கடைசி எண்ணை நீங்களே கால்குலேட்டரில் கண்டுபிடிக்கலாம். தொற்றியவர்களின் இறுதிப் பங்கு z என்றால்:

```
z = 1 − exp(−R0 × z)
```

z = 0.9 என்று தொடங்குங்கள். வலப்பக்கம் 0.933 வரும். அதை மறுபடி உள்ளே போடுங்கள், 0.939. மறுபடி, 0.940. அதற்கு மேல் அசையாது. R0 = 2-க்கு இதே மாதிரி செய்தால், எல்லை 50 சதவீதம், கடைசியில் தொற்றுவது ஏறத்தாழ 80 சதவீதம்.

667-க்கும் 940-க்கும் நடுவில் இருக்கும் 270-க்கு மேற்பட்டவர்கள், எல்லையைத் தொட்ட பிறகு நோய் வாங்கியவர்கள். தொற்றாளர்களே இல்லாத நேரத்தில் ஊசி மூலம் 667-ஐத் தொட்டிருந்தால் இந்த வேகம் இருந்திருக்காது. ஒரே எல்லை அளவு, போன வழியைப் பொறுத்து வேறு விளைவு.

R0 பெரிதாக இருந்தால் நோய் வேகமாகப் பரவும், சரியா?

அவசியமில்லை. R0 எத்தனை பேருக்கு என்று சொல்கிறது, எத்தனை நாளில் என்று சொல்வதில்லை. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகத் தட்டம்மைக்குச் சுமார் 12 நாள் ஆகும், ஃபுளூவுக்குச் சுமார் 3 நாள். 36 நாளில் தட்டம்மை மூன்று தலைமுறைதான் ஓடும்: R0 = 12 என்றால் மூன்றாம் தலைமுறையில் 1,728 பேர். R0 = 2 உள்ள ஒரு ஃபுளூ அதற்குள் பன்னிரண்டு தலைமுறை ஓடி 4,096-க்குப் போய்விடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வளரும் வேகத்தை அளந்து R0-ஐக் கணக்கிடுபவர்கள் இந்தத் தலைமுறை இடைவெளியை ஊகித்துத்தான் போடுகிறார்கள். அந்த ஊகம் பிசகினால் R0-உம் பிசகும்.

கொரோனா காலத்தில் ஒரு நகரத்தில் எல்லையைத் தாண்டிவிட்டார்கள் என்று சொன்ன பிறகும் பெரிய அலை வந்ததாகப் படித்தேன். அது என்ன?

பிரேசிலின் மனாவுஸ். அங்கே இரத்ததானம் செய்தவர்களின் மாதிரிகளில் எதிர்ப்பொருளை அளந்து, 2020 அக்டோபருக்குள் சுமார் 76 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துவிட்டது என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அன்றைக்குப் பேசப்பட்ட R0 2.5 முதல் 3. எல்லை 60 முதல் 67 சதவீதம். கணக்குப்படி நகரம் கரையேறியிருக்க வேண்டும். ஆனால் 2021 ஜனவரியில் முதல் அலையைவிட மோசமான அலை வந்து, மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது.

எது தவறியது என்று ஒரே காரணத்தைக் காட்ட முடியாது. அந்த 76 கூடுதலான மதிப்பீடாக இருந்திருக்கலாம். இரத்ததானம் செய்பவர்கள் ஊர் முழுவதற்கும் பிரதிநிதிகள் இல்லை. அதோடு, காலப்போக்கில் மறையும் எதிர்ப்பொருளை ஈடுகட்டத் திருத்தமும் சேர்த்திருந்தார்கள். முதல் அலையில் கிடைத்த எதிர்ப்பாற்றல் மாதக்கணக்கில் தேய்ந்திருக்கலாம். நடுவில் காமா என்ற புதிய திரிபும் வந்தது. அது கூடுதலாகப் பரவியது, பழைய எதிர்ப்பாற்றலை ஓரளவு தாண்டவும் செய்தது. அப்படியென்றால் R0 பழைய R0 இல்லை, எதிர்ப்பாற்றலும் பழைய எதிர்ப்பாற்றல் இல்லை. முதல் அலை இறங்கியபோது மக்கள் ஒதுங்கியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்த இறக்கத்தை முழுக்க எதிர்ப்பாற்றலின் கணக்கில் எழுதினால் தப்பாகிவிடும், ஏனென்றால் மக்கள் மறுபடி பழக ஆரம்பித்ததும் R ஏறிவிடும்.

1 − 1/R0 எதிர்ப்பாற்றல் ஆயுளுக்கும் நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறது. அது நோயை மட்டுமில்லாமல் பரவுவதையும் முழுக்கத் தடுக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. தட்டம்மைக்கு இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்தும். அதனால்தான் பாடநூல்களுக்கு அது செல்லப்பிள்ளை. கொரோனாவுக்கு இரண்டுமே பொருந்தவில்லை.

எல்லோரும் ஒரே மாதிரி பழகுவதில்லை என்றால் எல்லை குறையும் என்றும் ஓர் இடத்தில் படித்தேன். நீங்கள் சொன்னதற்கு நேர்மாறாக இருக்கிறதே?

இரண்டும் உண்மைதான், இரண்டும் வேறு வேறு ஏற்றத்தாழ்வு. நான் மேலே சொன்னது பாதுகாப்பில்லாதவர்கள் ஒரே இடத்தில் குவிவது. நீங்கள் படித்தது, சிலர் நிறையப் பேரோடு பழகுவதும் சிலர் குறைவாகப் பழகுவதும். நோய் பரவும்போது அதிகம் பழகுபவர்களைத்தான் முதலில் பிடிக்கும். அவர்கள் தொற்றி மீண்டுவிட்டால் பரப்பும் பாதைகளில் முக்கியமானவை அடைபட்டுவிடும். 2020-இல் வெளியான ஒரு கணித ஆய்வு, R0 = 2.5-க்கு வயதையும் பழகும் அளவையும் இப்படிக் கணக்கில் எடுத்தால் எல்லை 60-இலிருந்து சுமார் 43 சதவீதமாகக் குறையலாம் என்று காட்டியது.

ஆனால் இந்தத் தள்ளுபடி தொற்றின் மூலம் வரும் எதிர்ப்பாற்றலுக்குத்தான். ஊசியை யார் எவர் என்று பார்க்காமல் சமமாகப் போட்டால் அது கிடைக்காது. அன்றைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் நாளைக்கு அதிகம் பழகத் தொடங்கினாலும் கிடைக்காது.

டெட்டனஸுக்கு மந்தை எதிர்ப்பாற்றல் எவ்வளவு?

கிடையாது. அந்தக் கிருமி மண்ணிலிருந்து காயம் வழியாக வருகிறது, மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஊரில் எல்லோரும் ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தேர்வில் வந்தால் ஏமாறாதீர்கள்.

R ஒன்றுக்குக் கீழே இருக்கும்போதும் அவ்வப்போது சிலருக்கு வருகிறதே. அதை வைத்து எல்லை உடைந்துவிட்டது என்று சொல்லலாமா?

ஒன்றிரண்டு பேரை வைத்துச் சொல்ல முடியாது. R ஒன்றுக்குக் கீழே என்றால், வெளியிலிருந்து வரும் நோய் பரவவே பரவாது என்று பொருள் இல்லை. சங்கிலி நீளாமல் அறுந்துவிடும் என்றுதான் பொருள். சங்கிலியின் சராசரி நீளத்தையும் கணக்கிடலாம். R = 0.75 என்றால் முதல் ஆளையும் சேர்த்து 1 + 0.75 + 0.56 + ... என்று கூட்டிக்கொண்டே போனால் 4 வரும். சூத்திரமாக 1/(1 − R).

இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு தொற்றும் உள்ளூரில் எவ்வளவு பெரிய கொத்தாக முடிகிறது என்று சில வருடங்களுக்குப் பதிவுசெய்து பாருங்கள். சராசரி 1.4 என்றால் R சுமார் 0.3, கவலையில்லை. அது 4 ஆகி, 10 ஆகிறது என்றால் R 0.75-இலிருந்து 0.9-க்கு ஏறியிருக்கிறது. கொத்துகள் இன்னும் தானாகவே அடங்கிக்கொண்டுதான் இருக்கும், செய்தியிலும் வராது. ஆனால் அந்த ஊரில் ஊசி போடாத பிள்ளைகள் எங்கே சேர்ந்திருக்கிறார்கள் என்று தேட வேண்டிய நேரம் அதுதான்.